பூட்டிய வீட்டின் 4 டிகிரி: ஆய்வேட்டில் வரம்புகளை எழுத மூன்று வழிகள்

‘ஆய்வின் வரம்புகள்’ என்ற பகுதி பெரும்பாலும் சமர்ப்பிக்கும் வாரத்தில், அவசர அவசரமாக எழுதப்படுவது. காரைக்குடிப் பக்கம் கைக்கு வரும் ஆய்வேடுகளில் அது மூன்று விதமாக இருக்கிறது. சிலர் குறைகளைப் பட்டியல் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். சிலர் ஒரு குறையைச் சொன்ன கையோடு ‘இருந்தபோதிலும்’ போட்டு அதன் வாயை அடைக்கிறார்கள். மிகச் சிலர்தான் அந்தக் குறை எந்த முடிவைத் தொடுகிறது, அதை எந்தப் பக்கம் சாய்க்கிறது, எவ்வளவு சாய்க்கும் என்று சொல்கிறார்கள். மூன்றையும் ஒரே ஆய்வின் மேல் வைத்துப் பார்ப்போம்.

ஆய்வு கற்பனை, ஊர் நிஜம். கட்டடக்கலை மாணவி ஒருவர் மே மாதம் கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடியில் ஆறு பழைய நகரத்தார் வீடுகளையும் அக்கம்பக்கத்தில் ஆறு கான்கிரீட் வீடுகளையும் எடுத்துக்கொள்கிறார். பழைய வீட்டில் வளவை, அதாவது வானம் பார்த்த நடு முற்றத்தை, ஒட்டிய அறையிலும் புது வீட்டில் நடு அறையிலும் வெப்பநிலை பதியும் டேட்டா லாகர் வைக்கிறார். மூன்று வாரப் பதிவு. பிற்பகல் உச்ச வெப்பம் பழைய வீடுகளில் சராசரியாக 4 டிகிரி குறைவு என்பது அவருடைய முடிவு. பழைய ஆறில் நான்கு பூட்டிக் கிடப்பவை. இரண்டில் காவல் பார்க்கும் குடும்பம் இருக்கிறது. கான்கிரீட் வீடுகள் ஆறிலும் ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

பட்டியல் வழியில் அவர் எழுதுவது இப்படி இருக்கும்: “ஆறு பழைய வீடுகள் மட்டுமே ஆராயப்பட்டன. மே மாதம் மட்டுமே அளவிடப்பட்டது. கருவியில் 0.5 டிகிரி பிழைக்கு வாய்ப்புண்டு. சில வீடுகளில் ஆட்கள் இல்லை.” இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் கருவிப் பிழையும் ஆளில்லாத வீடும் ஒரே எடையில் நிற்கின்றன. ஒன்று ஆய்வைத் தொடவே தொடாது, மற்றது ஆய்வின் அடிமடியிலேயே கை வைக்கும். எது எது என்று எழுதியவருக்குத் தெரியுமா என்பது படிப்பவருக்குப் புரியாது. வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் அந்த நான்காவது வரியைப் பிடித்துக்கொள்வார்: “ஏம்மா, புது வீட்டுல ஆள் இருக்கு, அடுப்பு எரியுது. பழைய வீட்டுல யாரும் இல்ல. நீங்க அளந்தது சுவரையா, ஆளில்லாததையா?”

‘இருந்தபோதிலும்’ வழி வேறு மாதிரி: “சில வீடுகளில் ஆட்கள் இல்லை. இருந்தபோதிலும், இது முடிவுகளைப் பெரிதும் பாதிக்கவில்லை.” பாதிக்கவில்லை என்று எப்படித் தெரிந்தது? அதற்கு வரி இல்லை. என்னைக் கேட்டால் மூன்றில் இதுதான் மோசம். பட்டியல் போட்டவர் யோசிக்காமல் விட்டிருக்கலாம். இவர் குறையைப் பார்த்த பிறகும் மூடுகிறார். வரம்புகளைச் சொன்னால் ஆய்வு பலவீனமாகிவிடும் என்ற பயத்தில் இதை எழுதுகிறார்கள். இதைப் படித்த தேர்வாளர் மற்ற அத்தியாயங்களையும் சந்தேகக் கண்ணோடு புரட்ட ஆரம்பிப்பார்.

மூன்றாவது வழியில் அந்த ஒரு வரி ஒன்றரைப் பக்கம் ஆகும், ஆக வேண்டும்.

முதலில், எந்தப் பக்கம் சாய்க்கிறது? சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் உடம்பிலிருந்து ஏறக்குறைய 100 வாட் வெப்பம் வெளியேறுகிறது. நாலு பேர், ஒரு ஃபிரிட்ஜ், ஓர் அடுப்பு என்று கூட்டினால் கான்கிரீட் வீட்டுக்குள்ளேயே கணிசமான சூடு பிறக்கிறது. பூட்டிய வீட்டில் அது இல்லை. ஆகவே இந்தக் குறை ஆய்வாளரின் முடிவுக்குச் சாதகமாகச் சாய்கிறது. ஆனால் எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த கனத்த சுவர் பகலில் வாங்கிய சூட்டை இரவில் கக்கியாக வேண்டும். ஆள் இருந்தால் ராத்திரி ஜன்னலைத் திறந்து போடுவார்கள். பூட்டிய வீட்டில் வளவின் திறந்த வானம் மட்டுமே போக்கிடம். அதனால் அந்த அறை மறுநாளைக் கொஞ்சம் கூடுதல் சூட்டோடு தொடங்கியிருக்கலாம். இது முடிவுக்குப் பாதகமான சாய்வு. இரண்டையும் எழுத வேண்டும், சாதகமானதை முதலில்.

பிறகு, எவ்வளவு? கையில் இருக்கும் தரவையே பிரித்துப் பார்க்கலாம். பூட்டிய நான்கு வீடுகளில் வித்தியாசம் 4.4 டிகிரி, ஆள் உள்ள இரண்டில் 3.2 என்று வைத்துக்கொள்வோம். நான்கு வீடு, இரண்டு வீடு என்று எடைபோட்டுச் சராசரி எடுத்தால் அதே 4 வருகிறது. அப்படியானால் எழுத வேண்டியது: “4 டிகிரியில் ஒரு பகுதி ஆளின்மையால் வந்திருக்கக்கூடும். ஆள் உள்ள இரண்டு வீடுகளிலும் 3 டிகிரிக்குச் சற்று மேற்பட்ட வித்தியாசம் இருக்கிறது. இரண்டே வீடுகள் என்பதால் இதை உறுதியான மதிப்பாகக் கொள்ள இயலாது.” இதோடும் தீராது. காவல் குடும்பம் பெரும்பாலும் பின்கட்டில் புழங்குகிறது, லாகர் இருந்ததோ வளவை ஒட்டிய அறையில். அப்படியானால் 3.2-ம் கொஞ்சம் தாராளமான எண்ணாக இருக்கலாம். இதையும் சேர்த்து எழுதிவிட்டால் தேர்வாளரின் கேள்விக்கான பதில் ஆய்வேட்டிலேயே இருக்கும்.

மற்ற குறைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. சாவி கிடைத்த வீடுகள்தான் ஆய்வுக்கு வந்தன என்பதை மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பங்காளிகள் பத்துப் பேர் பத்து ஊரில் இருக்கும் வீட்டில் சாவி வாங்குவதே ஒரு களப்பணி. வாங்க முடிந்த வீடு, யாரோ ஒருவர் ஓடு மாற்றிப் பராமரிக்கும் வீடாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். கூரை இறங்கிய வீடுகள் இதில் வரவே இல்லை. இது எண்ணைத் திருத்தும் குறை அல்ல, முடிவு யாருக்குப் பொருந்தும் என்பதைச் சுருக்கும் குறை. வீடுகளுக்கு முன்னால் “பராமரிப்பில் உள்ள” என்று இரண்டு சொல் சேர்த்தால் தீர்ந்தது.

மே மாதம் மட்டும் என்பது குறையே அல்ல, ஆய்வாளர் தானே போட்ட எல்லை. முதல் அத்தியாயத்தில் ‘கோடைப் பகல்’ என்று சொல்லிவிட்டால் போதும். ஐப்பசி மழை வளவுக்குள் கொட்டும் காலத்தைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை, அதற்கு மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம். கருவிப் பிழைக்கு, பன்னிரண்டு லாகர்களையும் ஓர் இரவு ஒரே அறையில் வைத்து ஒத்துப்பார்த்ததை முறையியல் அத்தியாயத்தில் எழுதிவிட்டு மறந்துவிடலாம்.

எங்கே வைப்பது என்பதிலும் போட்டி உண்டு. கடைசி அத்தியாயத்தின் வால் பகுதியில், ‘எதிர்கால ஆய்வுகளுக்கான பரிந்துரைகள்’ மேலே ஒட்டிவைப்பது வழக்கம். நான் விவாத அத்தியாயத்தில், முதன்மை முடிவுக்கு அடுத்த பக்கத்திலேயே வைக்கச் சொல்வேன். 4 டிகிரியைப் படித்த சூட்டோடு 3.2-ஐயும் படித்தால் அது ஆய்வின் ஒரு பகுதியாகத் தெரியும். அறுபது பக்கம் தள்ளிப் படித்தால் மறைத்து வைத்துப் பிடிபட்டது போல இருக்கும். பல்கலைக்கழகப் படிவம் கடைசி அத்தியாயத்தில்தான் கேட்கிறது, அதுவும் எண்ணிட்டு வேண்டும் என்கிறது என்றால், அங்கே நான்கு வரிப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் விவாத அத்தியாயத்தின் பக்க எண்ணைக் கொடுத்துவிடலாம். பட்டியலுக்கு நியாயமான பயன் அது ஒன்றுதான்.

மூன்றாவது வழியில் ஒரு சிக்கல் இருக்கிறது. பிரித்துப் பார்த்ததில் ஆள் உள்ள வீடுகளின் வித்தியாசம் 0.6 என்று வந்துவிட்டால்? அப்போது வரம்புப் பகுதியை எவ்வளவு நயமாக எழுதினாலும் பயனில்லை. முடிவையே மாற்ற வேண்டும். அதனால் இந்தக் கணக்கைச் சமர்ப்பிக்கும் வாரத்தில் அல்ல, தரவு கைக்கு வந்த வாரத்திலேயே போட்டுவிடுவது நல்லது.

3.2 வந்தவருக்கு வேலை இன்னும் கொஞ்சம் மிச்சம். ஆய்வுச் சுருக்கத்தில் “செட்டிநாட்டு வீடுகள் 4 டிகிரி குளிர்ச்சியானவை” என்று இருந்தால், வரம்புப் பகுதியின் நேர்மை முழுவதும் வீண். “பராமரிப்பில் உள்ள ஆறு வீடுகளில், மே மாதப் பிற்பகல் உச்சம் கான்கிரீட் வீடுகளைவிடச் சராசரியாக 4 டிகிரி குறைவு, ஆட்கள் குடியிருக்கும் இரண்டு வீடுகளில் 3.2” என்று மாற்ற வேண்டும். நெறியாளர் “நாலுன்னு மட்டும் போட்டா நல்லா இருக்கும்ல” என்று இழுத்தால், இரண்டு எண்ணும் ஒரே வாக்கியத்தில்தான் நிற்க வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்லலாம்.