கிளைம் ஃபார்ம்ல வெறும் கையெழுத்து மட்டும் போட்டுக் குடுத்துடாதீங்க, நான் பட்டது போதும்

கொஞ்சம் நீளமான பதிவு, கார் வெச்சிருக்கறவங்க பொறுமையா படிச்சிருங்க.

நவம்பர் 6ஆம் தேதி ராத்திரி உடுமலைல இருந்து கோயம்புத்தூர் வந்துட்டிருந்தோம், நல்ல மழை, வண்டிய மச்சான் ஓட்டினாப்ல, நான் பக்கத்து சீட்டு. நாய் ஒண்ணு குறுக்க ஓடியாந்துச்சு, இவரு இடது பக்கம் ஒடிச்சதுல ரோட்டோர புளியமரத்துல முன்னாடி மூலை போய் மோதிருச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகல. பம்பர் கிழிஞ்சு, ஹெட்லைட் உடைஞ்சு, ஃபெண்டர் உள்ள அமுங்கிருச்சு, அவ்ளோதான். வேற யாருக்கும் அடியோ சேதமோ இல்லைங்கறதால போலீஸ் பக்கம் போக வேண்டியதும் வரல.

மறுநாள் காலைல எப்பவும் சர்வீஸ் விடற ஒர்க்‌ஷாப்ல விட்டேன். பேர் போட விரும்பல. அங்க அட்வைசர், "நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாங்க சார், இன்சூரன்ஸ்காரங்களுக்குக் கூட நீங்க போன் பண்ண வேண்டாம், எல்லாம் நாங்களே பாத்துக்கறோம், இதுல ஒரு கையெழுத்து மட்டும் போட்டுருங்க"ன்னு ஒரு ஃபார்ம நீட்டினாரு. ஒரு கட்டம் கூட நிரப்பாத கிளைம் ஃபார்ம். ஆபீசுக்கு லேட்டாகுதுன்னு போட்டுக் குடுத்துட்டு வந்துட்டேன். புத்தி எங்க போச்சுன்னு இப்ப கேட்டு என்ன பிரயோஜனம்.

25ஆம் தேதி இன்சூரன்ஸ் கம்பெனில இருந்து மெயில் வருது, கிளைம் நிராகரிக்கப்பட்டது, காரணம் தவறான தகவல். ஃபார்ம் காப்பி கேட்டு வாங்கிப் பாத்தா தலை சுத்திருச்சுங்க. அந்த ஆளு மறந்துட்டோ என்னமோ 16ஆம் தேதி வரைக்கும் தகவலே குடுக்கல, லேட் ஆனது தெரியக்கூடாதுன்னு விபத்து நடந்த தேதிய 14ன்னு எழுதிட்டாரு. ஆனா அவங்களே போட்ட ஜாப் கார்டு 7ஆம் தேதி. அதாவது என் வண்டி ஒர்க்‌ஷாப்ல ஸ்டாண்டுல நிக்கறப்பவே போய் மரத்துல மோதிருக்குது! ஓட்டினவர் பேர்ல என் பேர், என் லைசென்ஸ். இதுபோக பின் பம்பர்ல இருந்த பழைய கீறலயும் சேத்து 4,500 ரூபா பெயின்ட் எஸ்டிமேட்டு. சேதத்த மதிப்பிட்ட இன்சூரன்ஸ் சர்வேயர் நிராகரிக்கச் சொல்லாம என்ன பண்ணுவாரு, அவர் மேல எனக்குக் கோவமே இல்ல.

அப்ப இருந்த கோவத்துல ரெண்டு மெயில் அனுப்பினேன், உங்கள மாதிரி ஏமாத்துக்காரங்க கிடையாது, கோர்ட்டுக்குப் போவேன் அது இதுன்னு. கிளைம் நம்பர் கூட எழுதல. மூணாவதா 23 போட்டோ சேத்து அனுப்பினது சைஸ் பெருசுன்னு திரும்பி வந்துருச்சு. எங்க பெரியம்மா பையன், எனக்கு அண்ணன் முறை, அவரும் லைசென்ஸ் வாங்கின சர்வேயர்தான், அவர்கிட்ட காமிச்சேன். படிச்சுட்டுச் சிரிக்கறாரு. "ஏண்டா தம்பி, இத படிக்கறவன் கையில தெனம் எத்தன ஃபைல் இருக்கும், நீ திட்டறது எந்த ஃபைலுக்குன்னு அவன் எப்பிடிக் கண்டுபிடிப்பான்? என்ன நடந்துச்சுன்னு நேரத்தோட எழுது, ஒவ்வொண்ணுக்கும் ஆதாரம் என்னன்னு எழுது. உனக்கு பாதகமானதையும் நீயே சொல்லிரு"ன்னாரு.

அவர் பக்கத்துல உக்காந்து எழுத வெச்ச மெயில் இதுதான். அனுப்பினது இங்கிலீஷ்ல, இங்க தமிழ்ல போடறேன். சப்ஜெக்ட்ல கிளைம் நம்பர், பாலிசி நம்பர், வண்டி நம்பர், "நிராகரிப்பை மறுபரிசீலனை செய்யக் கோரி", அவ்ளோதான். பாலிசில பதிஞ்ச மெயில் ஐடில இருந்தே அனுப்பச் சொன்னாரு. உள்ள:

நவ. 6, இரவு 8.40: விபத்து. ஓட்டியவர் என் மைத்துனர். (இணைப்பு 1: அவருடைய லைசென்ஸ், கையெழுத்திட்ட கடிதம்)
நவ. 6, 8.52: சம்பவ இடத்தில் எடுத்த போட்டோக்கள். (இணைப்பு 2)
நவ. 6, 9.10: அதே போட்டோக்களை அட்வைசருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். (இணைப்பு 3)
நவ. 7, காலை 10.20: வண்டி ஒர்க்‌ஷாப்பில். (இணைப்பு 4: ஜாப் கார்டு)
நவ. 7: நிரப்பாத ஃபார்மில் கையெழுத்திட்டேன், இது என் தவறு.
நவ. 16: ஒர்க்‌ஷாப் உங்களுக்குத் தகவல் தந்தது. தேதி, ஓட்டுநர் பெயர் இரண்டும் தவறு. (இணைப்பு 5: நானே நிரப்பிய சரியான ஃபார்ம்)

அதுக்குக் கீழ மூணே விஷயம். பின் பம்பர் கீறல் இந்த விபத்துல வந்தது இல்ல, அத நீக்கிருங்க. தகவல் பத்து நாள் தாமதம், ஒர்க்‌ஷாப் சொல்லிருச்சுன்னு நான் நம்பி இருந்ததுதான் காரணம். நியாயமான காரணம் இருக்கறப்ப தாமதத்த மட்டும் வெச்சு கிளைம மறுக்கக் கூடாதுன்னு இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏ 20.9.2011 தேதியிட்ட சுற்றறிக்கைல சொல்லிருக்குது. மூணாவது, மறுபடியும் மறுக்கறதா இருந்தா பாலிசியோட எந்த நிபந்தனைப்படின்னு எழுத்துல குடுங்க.

லேட்டுன்னா இப்படி சமாளிக்க வழி இருக்குதுங்க, தேதிய மாத்தி எழுதிட்டா அது வேற கேஸ் ஆயிருது. இது அந்த அட்வைசருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

இணைப்புல ஒரு விஷயம். வாட்ஸ்அப்ல போய் வந்த போட்டோல எடுத்த நேரம், இடம் எல்லாம் அழிஞ்சுரும். போன்ல இருக்கற ஒரிஜினல அனுப்புங்க. 23ல ஆறு மட்டும் எடுத்தோம்: வண்டி நம்பர் தெரியற மாதிரி ஒண்ணு, மரத்தோட சேத்து ஒண்ணு, மீதி நாலு அடிபட்ட இடம் கிட்டக்க. ஃபைல் பேரும் மெயில்ல இருக்கற நம்பரோடவே, இப்படி:

```
1_Driver_DL.pdf
2_Photo_06Nov_2052.jpg
4_JobCard_07Nov.pdf
```

கிளைம்ஸ் ஐடிக்கு அனுப்பி குறைதீர் அதிகாரிக்கு சிசி போட்டோம். நாலாவது நாள் கம்பெனி சர்வேயரே கூப்பிட்டாரு, ஒரிஜினல் போட்டோ இருக்கற போன எடுத்துட்டு வாங்க, மச்சானயும் கூட்டிட்டு வாங்கன்னு. மச்சான் உக்காந்து எழுதிக் குடுத்தாப்ல. டிசம்பர் கடைசில கிளைம் பாஸ் ஆச்சு.

முழுசா வரல, அதையும் சொல்லிடறேன். பின் பம்பர் போக பில்லு 26,200, வந்தது 17,970. தேய்மானம் கழிக்காம குடுக்கற ஜீரோ டெப் கவர் எனக்குக் கிடையாது, பிளாஸ்டிக் பார்ட்டுக்கு பாதிதான் தருவாங்க, அதனால பம்பரும் ஹெட்லைட்டும் பாதி. ஃபெண்டர் தகரம், வண்டி மூணு வருசத்துக்குள்ளங்கறதால 15 சதவீதம்தான் கழிச்சாங்க. பெயின்ட்ல கொஞ்சம், கடைசில கட்டாயக் கழிவு 1,000. இது விதிப்படி வர்றதுதான், ஏமாத்து இல்ல. ரினியூவல்ல நோ கிளைம் போனஸ்ங்கற 25 சதவீத பிரீமியம் தள்ளுபடியும் போயிருச்சு, சின்ன அடிக்கு கிளைம் போடறதுக்கு முன்னாடி இதையும் கணக்குப் போட்டுக்கங்க.

கம்பெனி அசையவே இல்லன்னா ஐஆர்டிஏவோட பீமா பரோசா புகார் தளம், 155255 நம்பர். அதுலயும் நடக்கலன்னா இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன்ங்கற குறைதீர்ப்பாளர், காசு கிடையாது, கம்பெனி மறுத்ததுல இருந்து ஒரு வருசத்துக்குள்ள போகணும். எனக்கு அதுவரைக்கும் போக வேண்டி வரல.

வண்டி எடுக்கப் போனப்ப அதே அட்வைசர், "பாத்தீங்களா சார், நம்ம மூலமா போனா கிளைம் கெடச்சுரும்"ன்னு சொல்லிட்டே பேனாவும் ஒரு பேப்பரும் நீட்டினாரு. திருப்தியா இருக்குதுன்னு எழுதித் தர்ற ஃபார்மாம். அதுலயும் ஒண்ணும் நிரப்பல.