மதியம் இரண்டு மணிக்கு எத்தனை பேரை எழுப்பலாம்? கால் சென்டர் பயிற்சிக்கு மூன்று வழிகள்

கால் சென்டரில் பயிற்சி நேரம் என்று பேச்செடுத்தால் உடனே இரண்டு கட்சிகள் உருவாகிவிடும். யாருக்கு எப்போது வேலை என்ற ரோஸ்டரைப் போடுகிறவர்கள், வாரத் தொடக்கத்திலேயே நேரத்தைக் குறித்துவிட வேண்டும் என்பார்கள். தளத்தில் நிற்கும் டீம் லீடர்கள், கியூ காலியாக இருக்கும்போது ஆளைக் கூப்பிட்டுக்கொள்கிறோம் என்பார்கள். மென்பொருள் விற்பவர்கள் மூன்றாவது கட்சி. அழைப்பு குறைந்தால் எங்கள் மென்பொருள், போன் எடுக்கும் ஏஜென்டைத் தானே விடுவித்துப் பாடத்தைத் திரையில் கொண்டுவரும், கூடினால் தானே திரும்ப இழுத்துக்கொள்ளும் என்பது அவர்கள் வாக்கு.

யார் சொல்வது சரி என்று பார்ப்பதற்கு முன்னால், மூவருமே அவசரமாகத் தாண்டிப்போகும் ஒரு கேள்வி இருக்கிறது. அமைதியான நேரம் என்று நாம் நினைக்கும் நேரத்தில் உண்மையில் எத்தனை பேரைப் பயிற்சிக்காக நாற்காலியிலிருந்து எழுப்பலாம்?

கோவை சரவணம்பட்டிப் பக்கம், பம்புசெட் வாடிக்கையாளர்களின் புகார்களைக் கேட்கும் ஒரு மையத்தைக் கற்பனை செய்துகொள்வோம். காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை மூச்சுவிட நேரம் இருக்காது. மதியச் சாப்பாடு முடிந்து 2 மணிக்கு மேல் தளம் அடங்கிவிடும். 2 முதல் 2:30 வரை 60 அழைப்புகள் வரும் என்று முன்மதிப்பீடு சொல்கிறது. பேசுவது, அதன்பின் குறிப்பு எழுதுவது எல்லாம் சேர்த்து ஓர் அழைப்புக்கு 5 நிமிடம். உட்கார்ந்திருப்பவர்கள் 16 பேர். இலக்கு, வழக்கமாக எல்லோரும் வைத்துக்கொள்வதுதான்: நூற்றுக்கு 80 அழைப்புகளை 20 நொடிக்குள் எடுக்க வேண்டும்.

60 அழைப்புக்கு 300 நிமிட வேலை. அரை மணி நேரத்தில் அது 10 பேரின் முழு வேலை. அப்படியானால் 16 பேரில் 6 பேர் சும்மா இருக்கிறார்கள், 5 பேரைப் பயிற்சி அறைக்கு அனுப்பினாலும் ஒருவர் மிச்சம் என்று மேலாளர் கணக்குப் போடுவார். தொலைபேசி அழைப்புகளின் காத்திருப்பைக் கணக்கிட டென்மார்க்கின் கணிதவியலாளர் எர்லாங் 1917-இல் வெளியிட்ட சூத்திரத்தில் இதே எண்களைப் போட்டால் வேறு கதை வருகிறது.

| பணியில் இருப்பவர்கள் | 20 நொடிக்குள் எடுக்கப்படுவது | சராசரிக் காத்திருப்பு |
|---|---|---|
| 16 | 96% | 3 நொடி |
| 14 | 87% | 13 நொடி |
| 13 | 77% | 29 நொடி |
| 12 | 61% | 67 நொடி |
| 11 | 36% | 3 நிமிடத்துக்கு மேல் |

எழுப்பக்கூடியவர்கள் இரண்டே பேர். மூன்றாவது ஆள் எழுந்தவுடன் இலக்கு தவறுகிறது. ஐந்தாவது ஆளும் எழுந்தால் அந்த அரை மணி நேரமே கைவிட்டுப் போகிறது. இந்தச் சூத்திரம் காத்திருப்பவர் யாரும் போனை வைத்துவிட மாட்டார் என்று எடுத்துக்கொள்வதால், கடைசி வரிசைகள் உண்மையைவிடக் கொஞ்சம் கறுப்பாகவே தெரியும். ஆனால் வைத்துவிட்டுப் போனவர் மறுபடி அழைப்பார் என்பதை நினைத்தால் அதில் ஆறுதல் ஒன்றுமில்லை.

ஆறு பேர் சும்மா இருந்தும் இரண்டு பேரைத்தான் எழுப்ப முடிகிறது என்றால் காரணம் என்ன? அந்த ஓய்வு ஆறு நாற்காலிகளில் மொத்தமாகக் குவிந்திருக்கவில்லை. பதினாறு பேரிடமும் சில்லறையாகச் சிதறிக் கிடக்கிறது. ஓர் அழைப்பு முடிந்து அடுத்தது வரும் வரை ஒருவருக்குக் கிடைப்பது சராசரியாக 3 நிமிடம். அழைப்புகள் வரிசை பிடித்து வருவதில்லை, கூட்டமாக வருகின்றன. அந்தக் கூட்டத்தை வாங்கிக்கொள்வதற்காகத்தான் அந்த மூன்று நிமிடங்கள் இருக்கின்றன. மூன்று கட்சிகளையும் எடைபோட வேண்டியது இந்த இடத்திலிருந்துதான்.

டீம் லீடர் வழியை முதலில் எடுப்போம், ஏனென்றால் பெரும்பாலான இடங்களில் நடப்பது அதுதான். சுவரில் இருக்கும் பலகையில் காத்திருப்பு பூஜ்யம் என்று தெரிகிறது. அவர் எழுந்து அருகில் இருக்கும் ஒருவரை அழைக்கிறார். இருவரும் ஒரு பதிவைக் கேட்கிறார்கள். காங்கேயத்திலிருந்து ஒரு விவசாயி: “ஏனுங்க, மோட்டார் ஓடுதுங்க, தண்ணிதான் பாதிகூட வரலீங்க.” ஏஜென்ட் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு மெக்கானிக் வருகையைப் பதிவு செய்துவிடுகிறார். கேட்க வேண்டிய கேள்வி வேறு: அண்மையில் மின்வாரியத்தினர் டிரான்ஸ்பார்மரிலோ லைனிலோ வேலை செய்தார்களா? மும்முனை இணைப்பில் இரண்டு முனைகள் மாறினால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும், சத்தம் வரும், தண்ணீர் குறையும். உள்ளூர் எலக்ட்ரீசியன் ஸ்டார்ட்டரில் இரண்டு ஒயரை மாற்றிப் போட்டால் முடிகிற வேலைக்கு, மெக்கானிக் கோவையிலிருந்து காங்கேயம் போய் வருவார். இதை ஏஜென்டே கண்டுபிடிக்கும்படி பேசிக் கொண்டுவர இருபது நிமிடமாவது வேண்டும். எட்டாவது நிமிடத்தில் பலகை சிவக்கிறது. “சரி, இன்னொரு நாள் பார்க்கலாம்.” அந்த இன்னொரு நாள் வருவதேயில்லை.

இந்த வழியில் இதைவிடப் பெரிய கோளாறு ஒன்று உண்டு, கண்ணுக்குத் தெரியாதது. பயிற்சி யாருக்கு அதிகம் தேவை? ஓர் அழைப்பை எட்டு நிமிடம், ஒன்பது நிமிடம் இழுப்பவருக்கு. அவர் எப்போது சும்மா இருக்கிறார்? மற்றவர்களைவிடக் குறைவாகத்தான். பலகை அமைதியாக இருக்கும்போது எழுந்துவரத் தயாராக இருப்பவர், நான்கு நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும் கெட்டிக்காரர். ஒரு மாதப் பயிற்சிப் பட்டியலை எடுத்துப் பெயர்களைச் சராசரி அழைப்பு நேரத்தின்படி அடுக்கிப் பாருங்கள். தெரிந்தவருக்கே மேலும் மேலும் சொல்லிக்கொடுத்திருப்பது தெரிந்துவிடும்.

ரோஸ்டரில் குறித்துவைக்கும் வழிக்கு இந்த நோய் கிடையாது. யாருக்குத் தேவையோ அவர் பெயரை எழுதலாம், டீம் லீடரும் பதிவைக் கேட்டுத் தயாராக வரலாம். அதன் பலவீனம் முன்மதிப்பீடு. 60 வரும் என்ற இடத்தில் 75 வந்தால், 16 பேரும் இருந்தால்கூட 79 சதவீதம்தான். இரண்டு பேர் அறைக்குள் இருந்தால் 47, சராசரிக் காத்திருப்பு இரண்டு நிமிடம். ஆகவே குறித்த நேரத்துக்குக் கால் மணி முன்பு ஒருவர் பார்க்க வேண்டும். 1 மணியிலிருந்து வந்த அழைப்புகள் மதிப்பீட்டைவிட எவ்வளவு கூடுதல்? இங்கே பதறக் கூடாது. சராசரி 60 என்றால், ஒன்றுமே மாறாத நாளிலும் 52 முதல் 68 வரை ஊசலாடுவது இயல்பு. அந்த முக்கால் மணி நேரமாகத் தொடர்ந்து ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக வந்தால் மட்டும் தள்ளிவைக்கலாம். தள்ளிவைப்பதற்கான மாற்று நேரத்தையும் அதே வாரத்தில், ரோஸ்டர் போடும்போதே எழுதிவைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் இதுவும் டீம் லீடர் வழியாகவே முடிந்துவிடும்.

மென்பொருள் வழியை ஏளனம் செய்ய மாட்டேன். விற்பவர் சொல்கிற அளவுக்கு அது பெரிதில்லை என்பது மட்டும் என் கருத்து. அதன் சாரம் இரண்டு எல்லைக்கோடுகள். எத்தனை பேர் காலியாக இருந்தால் ஒருவரை விடுவிப்பது, எத்தனையாகக் குறைந்தால் திரும்ப அழைப்பது. நம் மையத்தில், பத்து நிமிடமாக ஐந்து பேருக்குக் குறையாமல் காலியாக இருந்தால் ஒருவரை விடு, இரண்டாகக் குறைந்தால் கூப்பிடு என்று வைக்கலாம். பலரும் இரண்டாவது கோட்டைக் கியூவில் ஆள் நிற்கும்போது வைக்கிறார்கள். அப்போது காலம் கடந்துவிட்டிருக்கும். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஏஜென்ட் தயார் நிலைக்கு வருவதற்குள் ஒரு நிமிடமாவது ஓடிவிடும். ஒரு கியூ உள்ள சிறிய மையமாக இருந்தால், இந்த இரண்டு கோடுகளையும் வெள்ளைப் பலகையில் எழுதிப் பொறுப்பான ஒருவரை உட்காரவைத்தாலே போதும், காசு மிச்சம்.

ஆனால் இந்த வழியில் எதைக் கற்றுக்கொடுக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. அரைகுறையாக நின்றாலும் கெட்டுப்போகாத பாடம் மட்டுமே பொருந்தும்: புதிய உத்தரவாத விதி, மாறிய விலைப்பட்டியல், ஐந்து நிமிடத் துண்டுகளாக வெட்டிய நினைவூட்டல். இருபது நிமிடப் பாடத்தை அப்படியே போட்டால் மூன்று முறை இழுக்கப்பட்ட ஏஜென்ட், நான்காவது முறை படிக்காமலேயே அடுத்து, அடுத்து என்று தட்டி முடித்துவிடுவார். முடித்தவர்கள் நூறு சதவீதம் என்று அறிக்கை வரும். ஐந்து நிமிடத் துண்டை ஒன்றரை நிமிடத்தில் முடித்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால்தான் உண்மை வரும்.

என் தேர்வு இதிலிருந்தே வருகிறது. பாதியில் நிறுத்த முடியாத, இருவர் உட்கார வேண்டிய கோச்சிங் ரோஸ்டருக்குள் போகட்டும், ஒரு நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். துண்டுகளான நினைவூட்டல் பயிற்சி எல்லைக்கோட்டு முறையில் போகட்டும், ஆனால் கோச்சிங் நடக்கும் அரை மணி நேரத்தில் அதை நிறுத்திவைக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் சேர்ந்து மூன்றாவது ஆளை எழுப்பிவிடும். ஷிப்ட் முடிந்த பிறகு உட்காரவைப்பது நான்காவது வழியாகச் சொல்லப்படும். பொள்ளாச்சிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் கம்பெனி வேன் ஏறக் காத்திருப்பவர் காதில் எது ஏறும்? விட்டுவிடலாம்.

ஒரு கியூவை மட்டும் இந்த ஏற்பாட்டிலிருந்து வெளியே வைக்க வேண்டும். பாலக்காடு பக்கத்தில் இருப்பதால் கோவை மையத்தில் மலையாள அழைப்புக்குத் தனி வரிசை இருக்கும். அதே 2 மணிக்கு அங்கே 8 அழைப்புகள், 3 பேர். பாதி நேரத்துக்கு மேல் சும்மா இருப்பார்கள். கோச்சிங்குக்கு இவர்களைவிடத் தோதானவர்கள் இல்லை என்று தோன்றும். மூவரும் இருந்தால் 84 சதவீதம். ஒருவரை எழுப்பினால் 49, சராசரிக் காத்திருப்பு 4 நிமிடம். வரிசை சிறிதாக ஆக ஒவ்வொரு ஆளின் கனமும் கூடிவிடுகிறது, சும்மா இருக்கும் நேரத்தை வைத்து அதை அளக்க முடியாது. இவர்களுக்குக் காலை ஷிப்டும் மதிய ஷிப்டும் சேர்ந்திருக்கும் நேரத்தில், நான்காவது ஆள் வந்து உட்கார்ந்த பிறகுதான் கோச்சிங். அப்படிச் சேரும் நேரமே இல்லாத ரோஸ்டர் என்றால், தமிழ் வரிசையில் மலையாளமும் பேசத் தெரிந்த ஒருவரை அந்த இருபது நிமிடத்துக்கு இங்கே மாற்ற வேண்டும். அவரைத் தமிழ் வரிசையில் எழுந்த இரண்டு பேரில் ஒருவராகவே கணக்கில் எழுத வேண்டும்.