டேபிள் க்யூஆர்: ஒட்டி வெச்ச ஸ்டிக்கரா, ஒவ்வொரு தடவையும் அடிக்கிற சீட்டா?

சின்ன ஹோட்டல்ல க்யூஆர் ஆர்டர் வைக்கிறதுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, டேபிளுக்கு ஒரு ஸ்டிக்கர் ஒட்டிடறது, அதுக்குள்ள `/t/4` மாதிரி ஒரு லிங்க் இருக்கும், இது நாலாம் டேபிள்னு மட்டும்தான் அதுக்குத் தெரியும். இன்னொண்ணு, ஆளு வந்து உக்காந்ததும் கவுண்டர் பில் பிரிண்டர்லயே ஒரு சீட்டு அடிச்சு கைல குடுக்கிறது, அந்த கோட் அந்த ஒரு தடவைக்குத்தான், பில் முடிஞ்சதும் வேலை செய்யாது.

ஸ்டிக்கர் ஈசி, செலவும் கம்மி. ஆனா பில் சேர்க்கிற இடத்துலதான் உதைக்கும். நாலாம் டேபிள்ல ரெண்டு பேர் 1:40-க்கு கேஷா குடுத்துட்டு கிளம்பிடறாங்க, கூட்டத்துல கேஷியர் சிஸ்டத்துல பில்லை மூட மறந்துடறார், 1:45-க்கு மூணு பேர் வந்து அதே ஸ்டிக்கரை ஸ்கேன் பண்ணி ஆர்டர் போடறாங்க. டேபிள் நம்பரை வெச்சே பில் சேர்க்கிற சாஃப்ட்வேர்னா மூடாம கிடக்கிற பழைய ஐட்டமும் புதுசும் ஒரே பில்லா வந்து நிக்கும். பில்லுல ஆர்டர் நேரம் அச்சாகுற மாதிரி வெச்சா இத உடனே கண்டுபிடிச்சிடலாம், அவங்க உக்காந்ததுக்கு முந்தின நேரம் ஒண்ணு இருந்தாலே பழைய பாக்கின்னு அர்த்தம். அப்புறம், ஸ்டிக்கரை போட்டோ எடுத்து வெச்சிருக்கிறவர் வெளிய இருந்தே ஆர்டர் தட்டிவிடலாம், கிச்சனும் நம்பி செஞ்சிடும்.

சீட்டு முறையில இந்த ரெண்டு தொல்லையும் இல்ல. ஆனா ஒவ்வொரு டேபிளுக்கும் ஒருத்தர் போய் சீட்டு குடுக்கணும், ரஷ் நேரத்துல அந்த ஆளு எங்க இருக்கார்? சீட்டு ஈரமாயிட்டா கசங்கிட்டா திரும்ப அடிக்கணும், அதுவும் பழைய கோடோடயே, புது கோட் போட்டா ஒரே டேபிளுக்கு ரெண்டு பில் ஆயிடும்.

என்னைக் கேட்டா ஸ்டிக்கரையே வெச்சுக்கலாம், ஆனா உள்ள டேபிள் நம்பரோட "அமர்வு நம்பர்"னு தனியா ஒண்ணு ஓடணும். முதல் ஸ்கேன்ல அமர்வு திறக்கும், முதல் ஆர்டர் மட்டும் கவுண்டர்ல ஒருத்தர் டேபிளைப் பாத்துட்டு ஓகே தட்டினாதான் கிச்சனுக்கு கே.ஓ.டி.ங்கிற ஆர்டர் சீட்டு அடிக்கும், அடுத்தடுத்த ஆர்டர் நேரா போயிடும். அதே டேபிள்ல இன்னும் ரெண்டு போன் ஸ்கேன் பண்ணினாலும் அதே அமர்வுலதான் சேரும். பில்னா அந்த அமர்வோட எல்லா கே.ஓ.டி.யும், அவ்ளோதான். நடுவுல ஆறாம் டேபிளுக்கு மாறினா அமர்வுல டேபிள் நம்பரை மட்டும் மாத்தினா போதும், பில் அப்படியே கூட வரும். கேஷியர் மூட மறக்கிறது இதுலயும் நடக்கும், அதனால ரொம்ப நேரமா ஆர்டரே வராத அமர்வை கவுண்டர் ஸ்கிரீன்ல சிவப்பா காட்டணும், தானா மூட விடக்கூடாது, விட்டா சாப்பிட்டுட்டு பேசிட்டு இருக்கிறவங்க பில்லும் அதோட மூடிடும்.

ஒரே டேபிள்ல தெரியாதவங்க ரெண்டு கோஷ்டி உக்கார்ற கடைக்கு மட்டும் இது சரிப்படாது, ஒரே ஸ்டிக்கரால அவங்களைப் பிரிக்க முடியாது, அங்க சீட்டுதான்.