பேரியம் பரிசோதனை என்று சொல்லி வெறும் எக்ஸ்ரே எடுத்து அனுப்பினார்கள்: அம்மாவுக்கு நடந்தது

இதைப் பழிவாங்க எழுதவில்லை. நாங்கள் இழந்தது மூன்று மாதம். அம்மா இழந்தது நான்கு கிலோ. எங்கள் பக்கத்துத் தாமான்களிலும் தோட்டங்களிலும் "சாப்பாடு நெஞ்சுல நிக்குது" என்று சொல்லும் பெரியவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் இதைப் படிக்கட்டும்.

நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம். அம்மாவுக்கு 63 வயது. முப்பது வருடம் பால் மரம் வெட்டியவர். போன வருடம் தொடங்கி அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு வாய் சாப்பிட்டால் ஒரு மடக்குத் தண்ணீர், அப்புறம் எழுந்து நின்று நெஞ்சை நிமிர்த்துவார். பிறகு தண்ணீரே நிற்க ஆரம்பித்தது. இரவில் படுத்தால் இருமல். காலையில் தலையணையில் நுரையும் முந்தின ராத்திரி சாப்பிட்ட சோற்றுப் பருக்கையும் கிடக்கும். "புளிக்குதாம்மா?" என்று கேட்டேன். "இல்லடா, சாப்பிட்ட மாதிரியேதான் வருது" என்றார். அந்தப் பதில் எவ்வளவு முக்கியமானது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. கிளினிக்கில் நெஞ்செரிச்சல் என்று ஒமெப்ரசோல் கொடுத்தார்கள். இரண்டு மாதம் போட்டும் ஒரு மாற்றமும் இல்லை.

பக்கத்து ஊரில் கடைவரிசை மாடியில் ஒரு தனியார் பரிசோதனை நிலையம் இருக்கிறது. பெயர் சொல்லவில்லை. "பேரியம் ஸ்வாலோ, 450 ரிங்கிட், அன்றைக்கே ரிப்போர்ட்" என்றார்கள். எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும் பேரியம் என்ற மருந்தைக் குடிக்க வைத்து, அது உணவுக்குழாயில் எப்படி இறங்குகிறது என்று பார்ப்பதுதான் அந்தப் பரிசோதனை. அரசாங்க மருத்துவமனையில் தேதி கிடைக்க நாளாகும் என்று பயந்து அங்கே கூட்டிக்கொண்டு போனேன். என் அவசரம்தான் முதல் தப்பு.

என்ன நடந்தது என்பதை அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் கவனிக்க வேண்டியது இதில்தான் இருக்கிறது. அம்மா காலையில் தோசை சாப்பிட்டிருந்தார். யாரும் கேட்கவில்லை. அறையில் இருந்தது நெஞ்சுப் படம் எடுக்கும் சாதாரண எக்ஸ்ரே இயந்திரம், சுவரில் ஒரு பலகை. ஒரு தம்பி பிளாஸ்டிக் கப்பில் வெள்ளையாக, கெட்டி மோர் போல ஒன்றைக் கொடுத்துக் குடிக்கச் சொன்னார். குடித்தவுடன் ஒரு படம். பத்து நிமிடம் வெளியே உட்காரச் சொல்லி இன்னொரு படம். முடிந்தது. டாக்டர் என்று யாரும் அந்த அறைக்குள் வரவே இல்லை.

ரிப்போர்ட்டில் இரண்டு விஷயம் இருந்தது. பத்து நிமிடம் கழித்தும் உணவுக்குழாயில் அந்த வெள்ளை மருந்து நிற்கிறது, அதனால் கடுமையான அமிலப் பின்னோட்டம், அதாவது இரைப்பை அமிலம் மேலே ஏறி வருவது. மருந்துக்கு நடுவே ஓட்டை ஓட்டையாகத் தெரிவது புண்ணாக இருக்கலாம். கவுன்டரில் இருந்த பெண் படத்தைத் தூக்கிக் காட்டி, "பாருங்கக்கா, வயித்துல இருந்து எவ்வளவு மேல ஏறி வந்திருக்கு" என்று அம்மாவிடம் சொன்னார். அதற்கு ஒரு பொடி, மூன்று மாதக் கோர்ஸ், 1,280 ரிங்கிட். வாங்கினோம்.

மூன்று மாதம் கழித்து எங்கள் ஊர் டாக்டர் ஒருவரிடம் இருமலுக்காகப் போனபோது அந்தப் படங்களையும் எடுத்துப் போனேன். வெளிச்சத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "வயித்துல இருந்து மேல வந்ததுன்னா, வயித்துல மருந்து இருக்கணும் இல்ல? எங்க இருக்கு?"

பார்த்தேன். உணவுக்குழாய் முழுக்க வெள்ளை. கீழே இரைப்பையில் ஒரு கீற்று மட்டும். சாதாரணமாக நின்றபடி எடுக்கும் படத்தில் இரைப்பையின் மேல்பகுதியில் ஒரு காற்றுக் குமிழ் தெரியுமாம். அதுவும் இல்லை. மருந்து மேலே ஏறி வரவில்லை. அது கீழே இறங்கவே இல்லை. அவர்கள் எழுதிய 'புண்' என்ன தெரியுமா? உள்ளே தங்கிக் கிடந்த சாப்பாடு, அந்தக் காலைத் தோசையும் சேர்த்து. வெறும் வயிற்றில் வரச் சொல்வது இதற்காகத்தான். பேரியத்துக்கு நடுவே உணவுத் துணுக்கு கிடந்தால் அது படத்தில் கட்டி போலவும் புண் போலவும் தெரியும்.

ஏறி வந்ததா, இறங்காமல் நின்றதா என்பதை ஓரிரண்டு நிலைப் படத்தை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்வது கடினம், அது ஓடும் படத்தில்தான் தெளிவாகத் தெரியும் என்றார் டாக்டர். உண்மையான பேரியம் பரிசோதனை ஃபுளோரோஸ்கோப்பி என்னும் இயந்திரத்தில் நடக்கிறது. குடிக்கும்போதே எக்ஸ்ரே காட்சி திரையில் ஓடிக்கொண்டிருக்கும். விழுங்கியது தொண்டையைத் தாண்டுவது, குழாய் சுருங்கி அதைத் தள்ளுவது, அடியில் உள்ள தசை வளையம் திறப்பது எல்லாவற்றையும் நேரடியாகப் பார்க்கலாம். எங்களிடம் காசு வாங்கியவர்களிடம் அந்த இயந்திரமே இல்லை.

டாக்டர் கடிதம் கொடுத்து ஈப்போவில் அரசாங்க மருத்துவமனைக்கு அனுப்பினார். அங்கே நடந்ததையும் சொல்கிறேன், ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பாடு உள்ளே தங்குகிறது என்பதால் இரண்டு நாள் திரவ உணவு மட்டும், நள்ளிரவுக்குப் பிறகு எதுவும் கூடாது என்றார்கள். உள்ளே போகும் முன், தண்ணீர் குடித்தால் புரையேறுமா, வயிற்றில் அறுவைச் சிகிச்சை நடந்திருக்கிறதா, மலச்சிக்கல் உண்டா என்று கேட்டார்கள். ஈய அங்கி போட்ட ரேடியாலஜிஸ்ட் டாக்டர் அறையிலேயே நின்றார். நான் கண்ணாடிக்குப் பின்னால்.

குடிக்கக் கொடுத்தது பேரியம் சல்ஃபேட் கலந்த தண்ணீர். சுண்ணாம்புக் கரைசல் மாதிரி மாவு மாவாக இருக்கும், ஸ்ட்ராபெரி வாசனை சேர்த்திருந்தார்கள். அது உடம்பில் கரைந்து ரத்தத்தில் சேராது, போன வழியே வெளியேறிவிடும். எக்ஸ்ரே அதை ஊடுருவ முடியாததால் படத்தில் வெள்ளையாகத் தெரியும். முதலில் ஒரே ஒரு சின்ன வாய். பக்கவாட்டில் நிற்க வைத்து அது மூச்சுக்குழாய்ப் பக்கம் போகிறதா என்று பார்த்தார்கள். போகவில்லை என்று உறுதியான பிறகுதான் மீதியைக் கொடுத்தார்கள். அங்கே கடையில் முழுக் கப்பையும் அப்படியே கையில் கொடுத்ததை நினைத்தால் இன்னும் எனக்கு உடம்பு பதறுகிறது. இரவில் இருமிக்கொண்டிருந்த அம்மா அவர்.

அதற்குப் பிறகு, நேரம் வைத்துப் பார்க்கும் பேரியம் பரிசோதனை. நின்றபடி சுமார் 200 மில்லி பேரியத்தை ஒரு நிமிடத்துக்குள் குடிக்கச் சொன்னார்கள். 1, 2, 5 நிமிடங்களில் படம். நல்ல உணவுக்குழாயாக இருந்தால் நிற்கும்போது முதல் நிமிடத்திலேயே பெரும்பாலும் காலியாகிவிடும். அம்மாவுக்கு முதல் நிமிடத்தில் 14 சென்டிமீட்டர் உயரத்துக்கு நின்றது. ஐந்தாவது நிமிடத்தில் 11. திரையில் பார்த்தபோது குழாய் பை போல அகன்று கிடந்தது, தள்ளும் அலையே இல்லை. அடியில் திடீரென்று கூராகக் குறுகி, பறவையின் அலகு மாதிரி. அந்த டாக்டர் 'அக்கலேசியா' என்று சொன்னார். அடியில் உள்ள தசை வளையம் விழுங்கும்போது தளர மறுக்கும் நோய். சாப்பாடு உள்ளே தங்கி நொதிப்பதால் சிலருக்கு எரிச்சலும் இருக்கும். அதனால்தான் பலருக்கு முதலில் அமிலப் பின்னோட்டம் என்றே மருந்து கொடுக்கிறார்கள். அமிலம் இரைப்பையிலிருந்து வந்தால் புளிக்கும், கசக்கும். அம்மாவுக்கு வந்தது இரைப்பைக்கே போகாத சாப்பாடு.

மற்றவர்களுக்கு இந்தப் பரிசோதனையில் இன்னும் சில படிகள் உண்டு. காற்று உண்டாக்கும் துகள்களை விழுங்க வைத்து, ஏப்பம் விடாமல் அடக்கச் சொல்லி, கெட்டியான பேரியம் கொடுத்துக் குழாயின் உள்சுவரைப் பார்ப்பார்கள். குப்புறப் படுக்க வைத்து ஒவ்வொரு வாயாகத் தனித்தனியே விழுங்கச் சொல்வார்கள். படுத்திருந்தால் புவியீர்ப்பு உதவாது, குழாய் தன் பலத்தில் தள்ளுகிறதா என்று தெரியும். திடமான உணவு மட்டும் சிக்குகிறவர்களுக்கு 13 மில்லிமீட்டர் பேரியம் மாத்திரை கொடுத்து எங்கே நிற்கிறது என்று பார்ப்பதும் உண்டு. அம்மாவை மட்டும் படுக்க வைக்கவில்லை. உள்ளே நிற்கும் பேரியம் தொண்டைக்கு ஏறிப் புரையேறும் என்றார்கள். முடிந்ததும் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். இரண்டு மூன்று நாள் மலம் வெள்ளையாகப் போகும், தண்ணீர் குறைந்தால் கல்லாகக் கட்டிக்கொள்ளும்.

பின்னோட்டத்தைப் பற்றி நான் அந்த டாக்டரிடம் தனியாகவே கேட்டேன், ஏனென்றால் அந்தப் பொடி விற்றதே அந்த வார்த்தையை வைத்துத்தான். அவர் சொன்னது: பேரியம் பரிசோதனையில் கொஞ்சம் மேலே வருவது நோய் இல்லாதவர்களுக்கும் தெரியலாம். நோய் உள்ளவருக்கு அந்தச் சில நிமிடங்களில் ஒன்றுமே வராமலும் போகலாம். ஆகவே பின்னோட்ட நோயை உறுதி செய்ய இதை மட்டும் நம்பக்கூடாது. அதற்கு எண்டோஸ்கோப்பி இருக்கிறது, ஒரு நாள் முழுக்க அமிலத்தை அளக்கும் கருவி இருக்கிறது. 2022-இல் வந்த அமெரிக்க இரைப்பைக் குடல் மருத்துவக் கல்லூரியின் வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது. குறுகல், பை, குடலிறக்கம், தள்ளும் சக்தி இவற்றைப் பார்க்கத்தான் பேரியம் நல்லது. யாராவது பேரியம் படத்தைக் காட்டி "உங்களுக்குப் பின்னோட்டம், இந்தப் பேக்கேஜ் எடுங்க" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

பேரியம் படத்தோடும் முடிந்துவிடவில்லை. அந்த அலகு போன்ற குறுகலைப் புற்றுநோயும் உண்டாக்கலாம் என்பதால் எண்டோஸ்கோப்பி செய்து அது இல்லை என்று பார்த்தார்கள். பிறகு குழாயின் அழுத்தத்தை அளந்து அக்கலேசியா என்று உறுதி செய்தார்கள். பலூன் வைத்து அந்த வளையத்தை விரித்தார்கள். மறுபடி எடுத்த பேரியத்தில் ஐந்தாவது நிமிடத்தில் 2 சென்டிமீட்டர்தான். அம்மா இப்போது படுத்துத் தூங்குகிறார்.

காசு கட்டும் முன் கேளுங்கள்: ஓடும் படம் எடுக்கும் இயந்திரம் இருக்கிறதா, பரிசோதனை நடக்கும்போது ரேடியாலஜிஸ்ட் இருப்பாரா, சிடி-யில் ஓடும் படம் கிடைக்குமா. இருமலோ புரையேறுவதோ உண்டு என்றால் முதலிலேயே சொல்லுங்கள். எடை குறைகிறது, தண்ணீரே இறங்கவில்லை என்றால் கடைப் பேக்கேஜ் வேண்டவே வேண்டாம், நேராக டாக்டர் கடிதத்தோடு மருத்துவமனைக்குப் போங்கள்.

எங்கள் புகாரைச் சுகாதார அமைச்சின் தனியார் மருத்துவ நடைமுறைப் பிரிவுக்கு எழுதியிருக்கிறோம், சிகேஏபிஎஸ் என்று கேட்டால் தெரியும். பொடிக்கான காசைப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் கேட்கப் போகிறோம். புகார் போனது தெரிந்ததும் அந்த நிலையத்திலிருந்து போன் செய்து, "படத்தையும் ரிப்போர்ட்டையும் கொண்டாங்க, சரி பண்ணித் தர்றோம்" என்றார்கள். கொடுக்கவில்லை. உங்களிடம் அப்படிக் கேட்டால் நீங்களும் கொடுக்காதீர்கள். நகல் எடுத்துக்கொண்டு, மூலப் படங்களை அலமாரியில் பூட்டி வையுங்கள்.