பி.ஓ. எண் முன்னாலா, பின்னாலா? பெட்டி ஆர்டர் மெயிலுக்கு எந்த சப்ஜெக்ட் சரி

திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் யூனிட் அட்டைப்பெட்டிக்காரருக்கு ஆர்டர் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 5 பிளை பெட்டி, உள் அளவு 60 × 40 × 30 செ.மீ., எண்ணிக்கை 1,200. ஜூன் 18 வியாழன் காலை 11 மணிக்குள் பேக்கிங் செக்‌ஷனில் இறங்க வேண்டும். இதே ஆர்டருக்கு இரண்டு விதமாக சப்ஜெக்ட் போடுகிறார்கள்.

முதல் வகை, கணக்கு சாஃப்ட்வேர் தானே போட்டுத் தருவது:

"பர்ச்சேஸ் ஆர்டர் எண் 2417"

இரண்டாவது வகை, கையால் தட்டுவது:

"புது ஆர்டர்: 5 பிளை பெட்டி 1,200 – ஜூன் 18 வியாழன் – பி.ஓ. 2417"

நான் இரண்டாவது கட்சி. இதைத்தான் பயன்படுத்துகிறேன், ஆகவே சாய்வு இருக்கும். பழைய மெயில் ஒன்றைத் திறந்து ரிப்ளை அமுக்கி, "Re: பில் பாக்கி" என்ற தலைப்பின் கீழேயே புது ஆர்டரை எழுதும் மூன்றாவது பழக்கமும் உண்டு. அதைப் போட்டியில் சேர்க்கவில்லை. பாக்கி என்ற சொல்லைப் பார்த்த பெட்டிக்காரர் கீழே உள்ள ஆர்டரைப் படிப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. வெறும் "அவசரம்" என்று போடுவதும் அப்படித்தான். அவருக்கு வரும் மெயிலில் பாதி அவசரம்தான்.

பெட்டி கம்பெனியில் மெயிலை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் முதலாளி, அதுவும் போனில். திரையில் அவருக்குத் தெரிவது அனுப்பியவர் பெயர், சப்ஜெக்டின் முன்பாதி, மெயிலின் முதல் வரியில் ஒரு துண்டு. போனுக்குப் போன் மாறினாலும், நீளமான சப்ஜெக்டின் வால் வெட்டுப்படும் என்றே கணக்கு வைக்க வேண்டும். அந்தத் துண்டிலேயே அவர் மூன்று கேள்விகளுக்கு விடை தேடுகிறார்: பேப்பர் ஸ்டாக் இருக்கிறதா, பிரிண்ட் போடும் அச்சான ஸ்டீரியோ தயாரா, எந்த நாள் லோடு ஏற்றலாம். முதல் வகை சப்ஜெக்ட் இவற்றில் எதற்கும் உதவாது. 2417 என்பது நம் எண், அவருக்கு அதில் ஒரு செய்தியும் இல்லை. பி.டி.எஃப். திறந்தால்தான் தெரியும், பைக்கில் நிற்பவர் திறக்க மாட்டார், "அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளிவிடுவார்.

தொடக்க வாக்கியத்திலும் இதே வித்தியாசம்தான். "வணக்கம். தங்களுடனான வர்த்தக உறவை மதிக்கிறோம். இத்துடன் ஆர்டர் இணைக்கப்பட்டுள்ளது" என்று தொடங்கினால் திரையில் தெரியும் அந்தத் துண்டு முழுக்க மரியாதையிலேயே தீர்ந்துவிடும். வணக்கத்தை வெட்டச் சொல்லவில்லை, அதே வரியில் விஷயத்தையும் சேருங்கள்:

"வணக்கம் சார், 1,200 பெட்டி ஜூன் 18 வியாழன் காலை 11-க்குள் வேண்டும், எந்த நாள் லோடு அனுப்புவீர்கள் என்று இன்று மாலை 4-க்குள் ஒரு வரி பதில் போடுங்கள்."

இதில் "கிடைத்ததா?", "சரியா?" என்று கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அப்படிக் கேட்டால் "ஓகே சார்" என்று வரும். அதற்கு மெயில் பார்த்தேன் என்று மட்டுமே அர்த்தமாக இருக்கலாம். நாளைக் கேட்டால் அவர் காலண்டரைப் பார்த்தே ஆக வேண்டும். "நாளை", "இந்த வாரம்" போன்ற சொற்களும் வேண்டாம். இரவு அனுப்பியதை அவர் காலையில் படித்தால் "நாளை" ஒரு நாள் தள்ளிப்போயிருக்கும்.

இரண்டாவது வாக்கியத்தில் அளவு வர வேண்டும், அது உள் அளவா வெளி அளவா என்பதோடு. 5 பிளை அட்டை ஏறக்குறைய 6, 7 மில்லிமீட்டர் தடிமன். இரண்டு பக்கச் சுவரும் சேர்ந்தால் நீளத்திலும் அகலத்திலும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். நீங்கள் உள் அளவு நினைத்து வெறும் 60 × 40 × 30 என்று எழுத, அவர் அதை வெளி அளவாக எடுத்தால், மடித்த டி-ஷர்ட் அடுக்கு பெட்டிக்குள் இறங்காது. சப்ஜெக்டில் இதைத் திணிக்க வேண்டாம், அங்கே இடமில்லை.

இதுவரை இரண்டாவது வகைக்கு எளிதான வெற்றி. ஆனால் உண்மையான சோதனை ஆர்டர் மாறும்போது வருகிறது. எக்ஸ்போர்ட்டில் ஆர்டர் மாறாமல் இருப்பது அபூர்வம்.

பையர் எண்ணிக்கையைக் கூட்டிவிட்டார், 1,200 இப்போது 1,350 என்று வையுங்கள். முதல் வகை சப்ஜெக்டுக்கு ஒன்றும் ஆகாது. "பர்ச்சேஸ் ஆர்டர் எண் 2417" அப்போதும் உண்மை, இப்போதும் உண்மை. அதன் பலம் இதுதான், ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டாவது வகையில் அதே மெயிலுக்கு ரிப்ளை போட்டால், உள்ளே 1,350 என்றும் மேலே 1,200 என்றும் நிற்கும். பிரிண்டிங் பகுதிக்கு ஃபார்வேர்ட் ஆகும்போது மேலே இருப்பதைத்தான் ஆள் படிப்பார். 150 பெட்டி குறையும். அது லோடு இறங்கி எண்ணும்போதுதான் தெரியும்.

ஆகவே இரண்டாவது வகையைப் பிடித்தால் ஒரு பராமரிப்பு வேலையையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். மாற்றம் வந்தால் ரிப்ளை போடக் கூடாது, புது சப்ஜெக்ட்:

"திருத்தம் 1: 1,200 அல்ல, 1,350 பெட்டி – ஜூன் 18 வியாழன் – பி.ஓ. 2417"

ஜிமெயிலில் சப்ஜெக்டை மாற்றினால் மெயில் பழைய உரையாடலிலிருந்து பிரிந்து தனியாக நிற்கும். இது நல்லதும் கெட்டதும். புதிதாக மேலே வந்து நிற்பதால் கண்ணில் படும். ஆனால் பழைய மெயிலும் உயிரோடு தனியாக இருக்கும். அதனால் முதல் வாக்கியமே பழையதைக் கொல்ல வேண்டும்: "ஜூன் 10-ல் அனுப்பிய 1,200 பெட்டி ஆர்டரை விட்டுவிடுங்கள், இனி இதுதான் கணக்கு: மொத்தம் 1,350." இங்கே "150 கூடுதலாக" என்று மட்டும் எழுதினால் இன்னொரு சிக்கல். திருத்தம் இரண்டு, மூன்று என்று போனால் எதை எதோடு கூட்டுவது என்று தெரியாமல் அவர் போன் அடிப்பார். எப்போதும் மொத்தத்தையே எழுதுங்கள். இணைப்பின் பெயரிலும் அதே பி.ஓ. எண்ணும் திருத்த எண்ணும் இருக்கட்டும்.

எல்லா சப்ஜெக்டிலும் பி.ஓ. 2417 கடைசியில் நிற்பதன் பயன் இங்கேதான் தெரியும். போனில் அந்த வால் வெட்டுப்பட்டாலும் தேடலுக்கு எண் போதும். 2417 என்று தேடினால் மூல ஆர்டரும் திருத்தங்களும் சேர்ந்து வந்துவிடும். முதல் வகையின் பலத்தை இப்படி முழுதாக எடுத்துக்கொண்டாயிற்று. திருத்தம் போடும்போது ரிப்ளை அமுக்கும் பழக்கம் போகாத ஆபீஸ் என்றால் மட்டும், எண்ணிக்கையை சப்ஜெக்டில் போடாமல் பொருளையும் தேதியையும் மட்டும் போடுவது பாதுகாப்பு. பொய் சொல்லும் சப்ஜெக்டைவிட ஊமை சப்ஜெக்ட் மேல்.

பலன் தருகிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. மெயில் போன பிறகு "எத்தனை சார்?", "எப்போ சார்?" என்று வரும் போன்களை எண்ணுங்கள். அவர் கேட்கும் கேள்வி எதுவோ, அதுதான் சப்ஜெக்டிலோ முதல் வரியிலோ விட்டுப்போனது.

ஒரு எல்லை மட்டும் சொல்ல வேண்டும். நூல் மில் போன்ற பெரிய இடங்களில் ஆர்டரைப் பார்ப்பது ஒரு டெஸ்க், அங்கே பி.ஓ. எண்ணை வைத்தே பதிவு செய்வார்கள். அவர்கள் எண்ணை முன்னால் கேட்டால் முன்னால் போட்டுக் கொடுங்கள். அங்கே இரண்டாவது வகைக்காக அடம்பிடிக்க என்னிடம் காரணம் இல்லை. முதல் வாக்கியத்தில் எண்ணிக்கையும் நாளும் இருப்பதை மட்டும் அங்கேயும் விட மாட்டேன்.