லேபிளை மறைக்கிற ஆப்: இரண்டு வருஷம் கழித்து

நேற்று ஊறுகாய் விற்கிற தோழி ஒருத்தி கேட்டாள். “பேக்கிங் வீடியோல அட்ரஸை எதுல மறைக்கிறே? அந்த ஆப் நல்லா இருக்கா?” ஒரு வரியில் பதில் சொல்லலாம் என்று ஆரம்பித்து வாய்ஸ் மெசேஜ் நாலு நிமிஷம் ஓடிவிட்டது, அதில் பாதி திட்டு. சரி, எழுதியே வைத்துவிடுகிறேன், அடுத்த ஆள் கேட்டால் இதையே அனுப்பலாம்.

நான் இளம்பிள்ளைச் சேலைகளை வீட்டிலிருந்தே விற்கிறேன். ஆர்டர் பேக் பண்ணுவதை முப்பது, நாற்பது செகண்ட் வீடியோவாகப் போடுவேன். சேலையை விரித்து முந்தானையைக் காட்டி, மடித்து, கூரியர் கவருக்குள் நுழைத்து, லேபிள் ஒட்டுவது வரை. வம்பெல்லாம் அந்த லேபிளில்தான். நாலுக்கு ஆறு இஞ்ச் வெள்ளைத் தாளில் வாங்குகிறவரின் பெயர், கதவு எண், தெரு, பின்கோடு, மொபைல் எண், கீழே பார்கோடு, எல்லாம் கொட்டை எழுத்தில். கொண்டு போய்க் கொடுக்கிறவருக்கு அது வசதி, எனக்கு வினை.

ஆப்பின் பெயரை எழுதப் போவதில்லை, போனில் வீடியோ எடிட் பண்ணுகிற பல ஆப்களில் இதே வசதி இருக்கிறது. மறைக்க வேண்டிய இடத்தில் விரலால் ஒரு கட்டம் போட்டு ‘ட்ராக்’ என்று அழுத்தினால், பொருள் நகர நகர அந்த மொசைக் கட்டமும் கூடவே நகரும். முதல் தடவை பார்த்தபோது வாயைப் பிளந்தேன், பொய் சொல்லவில்லை. அதுவரை ஒவ்வொரு வீடியோவிலும் பூ ஸ்டிக்கரை நானே கையால் நகர்த்தி நகர்த்தி வைத்து, ஒரு வீடியோவுக்கு முக்கால் மணி நேரம் போய்க்கொண்டிருந்தது. இது அஞ்சு நிமிஷ வேலை.

எட்டு மாசம் நிம்மதியாக இருந்தேன். அப்புறம் திருச்சியிலிருந்து ஒரு வாடிக்கையாளர் ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினார். “அக்கா, இது என் நம்பர்தானே?” என்னுடைய வீடியோதான். பதினோராவது செகண்டில் நிறுத்தி எடுத்திருக்கிறார். மொசைக் கட்டம் சேலைக் கவரின் ஓரத்தில் சமத்தாக உட்கார்ந்திருக்கிறது, லேபிள் அதற்குப் பக்கத்தில் பளிச்சென்று தெரிகிறது. அந்த வாரம் அவருக்கு ‘பார்சல் நிற்கிறது, பத்து ரூபாய் கட்டுங்கள்’ என்று ஒரு போன் வந்திருக்கிறது. அது என் வீடியோவால் வந்ததா, வேறு எங்கிருந்தாவது வந்ததா, யாருக்கும் தெரியாது. ஆனால் ‘என்னால் இல்லை’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான் வீடியோ போடுகிற இடத்தில், போட்ட பிறகு அந்த ஒரு துண்டை மட்டும் மாற்றி வைக்கவும் முடியாது. அழித்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும். அழித்தேன். நல்லா ஓடிக்கொண்டிருந்த வீடியோ, வயிறு எரிந்தது.

ஏன் நழுவியது என்று உட்கார்ந்து பார்த்தேன். இந்த ட்ராக் வசதி லேபிளை லேபிள் என்று புரிந்துகொண்டு பின்னால் போவதில்லை. கட்டத்துக்குள் இருக்கிற கோடு, முனை, கறுப்பு வெள்ளை மாறுகிற இடம் இவற்றைப் பிடித்துக்கொண்டு, அடுத்த ஃப்ரேமில் அதே மாதிரி எங்கே இருக்கிறது என்று தேடுகிறது, அவ்வளவுதான். நான் பார்சலை ஒரு தடவை புரட்டிக் காட்டுவேன். புரட்டும்போது லேபிள் சாய்ந்து, குறுகி, மறைந்து, மறுபடி வருகிறது. மறைந்த நேரத்தில் அது எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டுமே, பக்கத்தில் இருக்கிற இன்னொன்றைப் பிடித்துக்கொள்கிறது. சேலை வியாபாரத்தில் இது இன்னும் மோசம். ஒரே மாதிரி புட்டா வரிசையாக இருப்பதால் ஒரு புட்டாவிலிருந்து அடுத்ததற்குத் தாவுகிறது. அதோடு கூரியர் கவர் வழவழப்பான பிளாஸ்டிக், ரிங் லைட்டின் வெள்ளை வட்டம் அதன் மேல் ஓடும். அந்த வட்டத்தின் பின்னாலேயே கட்டம் போனதை நானே பார்த்திருக்கிறேன்.

இது ஓட்டிப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது, அதுதான் எரிச்சல். செகண்டுக்கு முப்பது ஃப்ரேம். அந்த வீடியோவில் லேபிள் திறந்து கிடந்தது மொத்தம் ஏழு ஃப்ரேம், கால் செகண்டுக்கும் குறைவு. நான் மூன்று தடவை ஓட்டிப் பார்த்துத்தான் போட்டேன், தெரியவில்லை. நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறவனுக்குத் தெரியும். இப்போது கம்ப்யூட்டரில் VLC-யில் திறந்து, லேபிள் முதலில் தெரிகிற இடத்திலும் புரட்டுகிற இடத்திலும் கைக்குப் பின்னால் போய் வெளியே வருகிற இடத்திலும் E பட்டனை அழுத்தி ஃப்ரேம் ஃப்ரேமாகத் தள்ளுகிறேன். வீடியோ முழுக்கத் தள்ள வேண்டியதில்லை, தப்பு பெரும்பாலும் நடப்பது இந்த மூன்று இடத்தில்தான்.

கட்டம் நழுவாவிட்டாலும் மொசைக்கை நம்பக் கூடாது என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. மொசைக் என்பது எழுத்தை அழிப்பது இல்லை, கட்டம் கட்டமாகச் சராசரி எடுத்து வைப்பது. எந்த எழுத்துருவில் அச்சடித்தது என்று தெரிந்தால், ஒவ்வொரு எழுத்தாகப் போட்டு மொசைக் ஆக்கிப் பார்த்து எது பொருந்துகிறது என்று கண்டுபிடித்துவிடலாம். 2022-இல் பிஷப் ஃபாக்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனத்தார் அன்ரிடாக்டர் என்று ஒரு கருவியையே செய்து வெளியிட்டுக் காட்டினார்கள். அது ஒரே ஒரு படத்துக்கு. வீடியோ என்றால் லேபிள் லேசாக ஆட ஆட, அதே எழுத்தின் வேறு வேறு பகுதி ஒவ்வொரு கட்டத்திலும் விழுகிறது, நூறு ஃப்ரேமைச் சேர்த்தால் இன்னும் நிறையத் தெரியும். அதிலும் மொபைல் எண் பத்தே இலக்கம், ஒவ்வொன்றும் பூஜ்யம் முதல் ஒன்பதுக்குள். ஆகவே கட்டியான கறுப்புப் பட்டை, இல்லையென்றால் ஒளி ஊடுருவாத ஸ்டிக்கர். அழகாக இருக்காது, இருக்கவும் வேண்டாம்.

ஆப்பில் ‘எழுத்தைத் தானாகக் கண்டுபிடித்து மறை’ என்று ஒன்று வந்தது. முகவரியை மறைத்தது, நம்பரை மறைத்தது, பார்கோடை அப்படியே விட்டுவிட்டது. அதன் கணக்கில் அது எழுத்து இல்லையே! என் பையன் லேப்டாப்பில் வீடியோவை நிறுத்திவிட்டு, தன் போன் ஸ்கேனரைத் திரைக்கு நேராகப் பிடித்தான், டிராக்கிங் நம்பர் முழுசாக வந்துவிட்டது. பின்னால் சுவரில் மாட்டியிருந்த யுபிஐ க்யூஆரையும் அதே மாதிரி எடுத்தான், அதற்குள் என் சொந்த மொபைல் எண். க்யூஆரின் நடுவில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டினால் போதும் என்று நினைத்திருந்தேன். அதுவும் இல்லை. கிழிந்தாலும் அழுக்கானாலும் படிக்க முடியவேண்டும் என்றே அதைச் செய்திருக்கிறார்கள், அதிகபட்ச அளவில் சுமார் 30 சதவீதம் கெட்டுப்போனாலும் படித்துவிடும். மறைப்பதென்றால் முழுக்க மறைக்க வேண்டும்.

கண்ணாடி கதை ஒன்று இருக்கிறது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பின்னால் ஆளுயரக் கண்ணாடி. மேஜையில் வாட்ஸாப் வெப் திறந்து கிடந்த லேப்டாப் அதில் தெரிந்தது. கண்ணாடியில் எழுத்து வலமிடமாக இருக்கும், யாரும் படிக்கப்போவதில்லை என்று விட்டேன். ஆனால் நான் எடுத்தது முன் கேமராவில், அது படத்தை வலமிடமாகத் திருப்பியே சேமிக்கிற மாதிரி வைத்திருந்தேன். இரண்டு தடவை திரும்பியதில் எழுத்து நேராகிவிட்டது. மூன்று வாடிக்கையாளர்களின் பெயரும் ‘அக்கா குறைச்சுக் குடுங்க’வும் தெளிவாக இருந்தது. அதிலிருந்து லேப்டாப்பை மூடிவிட்டுத்தான் கேமராவைத் தொடுகிறேன்.

இவ்வளவுக்கும் தீர்வாகக் கடைசியில் வந்தது ஒரு போலி லேபிள். அதே பிரிண்டரில், அதே நாலுக்கு ஆறு தாளில், என் கடைப் பெயரும் ‘நன்றி’யும் மட்டும் அச்சடித்து வைத்திருக்கிறேன். வீடியோவில் ஒட்டுவது அது. கேமராவை அணைத்த பிறகு அதன் மேலேயே உண்மையான லேபிளை ஒட்டிவிடுகிறேன். புரட்டலாம், தூக்கிக் காட்டலாம், விளக்கு எப்படி அடித்தாலும் கவலை இல்லை. இதைக் கண்டுபிடிக்க ஏன் இத்தனை நாள் ஆனது என்று கேட்காதீர்கள். தன் பெயர் வீடியோவில் வருவது சில பேருக்குப் பிடிக்கும், அதனால்தான் அசல் லேபிளைக் காட்டினேன். இப்போது பிடிக்கிறவர்களுக்குப் பெயரை மட்டும் ஸ்கெட்சில் எழுதிக் காட்டுகிறேன்.

எப்போதோ மறந்துபோய் அசல் லேபிளோடு எடுத்துவிட்டால், போன் ஸ்டாண்டில் அசையாமல் இருந்த காட்சிக்கு மட்டும் ffmpeg என்ற வீடியோ கருவிக்குத் தம்பி எழுதிக் கொடுத்த ஒரு கட்டளை வரியை கம்ப்யூட்டரில் ஓட்டுகிறேன். லேபிள் நடமாடுகிற பரப்பு முழுவதையும் சேர்த்து, நாலாவது செகண்டிலிருந்து ஒன்பதரை வரை கறுப்புப் பெட்டி:

```
ffmpeg -i in.mp4 -vf "drawbox=x=220:y=900:w=640:h=380:color=black:t=fill:enable='between(t,4,9.5)'" -map_metadata -1 -c:a copy out.mp4
```

பெட்டி எதையும் துரத்தாது, அதனால் நழுவவும் நழுவாது. லேபிள் அந்தப் பரப்பை விட்டு வெளியே போனால் மட்டும் போச்சு, அதனால் பெட்டியைத் தாராளமாகவே வைக்கிறேன். அந்த வரியில் இருக்கிற `-map_metadata -1`, போன் வீடியோவுக்குள் எழுதி வைக்கிற இடக் குறிப்பையும் சேர்த்து நீக்கிவிடும். அதை நீக்காமல் ஃபைலை டாகுமெண்டாக யாருக்காவது அனுப்பினால் அதுவும் கூடவே போகும், என் விஷயத்தில் அந்த இடம் என் வீடு.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக் குழந்தை நடுவில் ஓடினால் முகத்தை மறைப்பதில் இந்த ஆப் கெட்டி. முகம் திரும்பினாலும் விடுவதில்லை, வருஷத்தில் ஒரு தடவை நழுவியிருந்தால் அதிகம். லேபிளில்தான் அதற்கு அறிவு இல்லை. அதைச் சொல்லி அவர்களுக்கு இரண்டு தடவை எழுதினேன், இரண்டு தடவையும் ‘ஆப்பை அப்டேட் செய்து பாருங்கள்’ என்று ஒரே பதில். கோபத்தில் ஒரு ஸ்டார் போட்டேன், மறுநாள் மூன்றாக்கினேன்.

எல்லாம் கேட்டுவிட்டுத் தோழி, “இப்ப வாங்கட்டுமா வேண்டாமா, அதைச் சொல்லு” என்றாள். ஊறுகாய் பாட்டிலுக்கு இது தேவையே இல்லை, வாங்காதே, பத்து போலி லேபிள் அச்சடித்துத் தருகிறேன் என்றேன். நானா? ஆண்டுச் சந்தாவைக் குறைத்திருந்தார்கள், போன வாரம் இன்னொரு வருஷத்துக்குக் கட்டிவிட்டேன்.