திரையில் மாநிறம், ஆல்பத்தில் மஞ்சக்காமாலை: 450 வெள்ளி கொடுத்து ஏமாந்த கதை

செந்தூலில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று வருடம் முழுக்க நம் ஆட்களின் முகங்களைத்தான் படமெடுக்கிறேன். கோலாலம்பூரில் இதே தொழிலில் இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்கவும். "திரையையும் கேமராவையும் மேட்ச் செய்து தருகிறேன்" என்று ஓர் ஆள் ஸ்டூடியோ ஸ்டூடியோவாகப் போய்க்கொண்டிருக்கிறான். பெயர் போட மாட்டேன். ஆனால் அவன் என்ன செய்தான், அதை நான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

பழைய மானிட்டர் போய்விட்டதால் புதிதாக 24 அங்குலத் திரை ஒன்று வாங்கியிருந்தேன். அதில் எல்லாமே கொஞ்சம் நீலம் பாய்ந்த மாதிரி தெரிந்தது. போதாததற்கு என்னிடம் கேனன் ஒன்று, சோனி ஒன்று. ஒரே மணப்பெண், ஒரே வெளிச்சம், ஆனால் கேனனில் ஒரு நிறம், சோனியில் ஒரு நிறம். நண்பர் ஒருவர் மூலம் இந்த ஆள் வந்தான். திரைக்கு 250 வெள்ளி, கேமரா ஒன்றுக்கு 100 வீதம் இரண்டுக்கு 200.

சிவப்புப் பையிலிருந்து ஒரு கருவியை எடுத்துத் திரைமேல் தொங்கவிட்டான். நிறங்கள் மாறி மாறி வந்தன. நான் டீ ஆற்றிக்கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. "அண்ணே, டெல்டா ஈ 0.7. ஒன்றுக்குக் கீழே வந்தாலே சூப்பர்" என்று ஒரு தாளை அச்செடுத்துக் கொடுத்தான். டெல்டா ஈ என்பது கேட்ட நிறத்துக்கும் திரை காட்டிய நிறத்துக்கும் உள்ள தூரம். ஒன்றுக்குக் கீழே என்றால் கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது. அவன் சொன்னது உண்மைதான். ஆனால் அந்த 0.7 எந்தத் திரையுடையது என்று நான் பார்க்கவில்லை.

கேமராவுக்கு வந்தான். இரண்டிலும் மெனுவுக்குள் போய், கேனனில் பிக்சர் ஸ்டைலையும் சோனியில் கிரியேட்டிவ் ஸ்டைலையும் திறந்து சாச்சுரேஷனை ஒரு படி குறைத்தான், கேனனில் கலர் டோனையும் கொஞ்சம் தள்ளினான். "இப்போ ரெண்டும் அண்ணன் தம்பி" என்றான். கேமராவின் பின்பக்கத் திரையில் பார்த்தால் நிஜமாகவே ஒன்றுபோல இருந்தது. நானும் 450 வெள்ளியை எண்ணிக் கொடுத்தேன். அங்கேயே எனக்கு மணி அடித்திருக்க வேண்டும். நான் எடுப்பது முழுக்க ரா ஃபைல், அதாவது சென்சார் பிடித்ததைச் சமைக்காமல் அப்படியே வைக்கும் ஃபைல். இந்த ஸ்டைல் எல்லாம் கேமரா தானே செய்யும் ஜேபெக்குக்கும், பின்பக்கத் திரையில் காட்டும் படத்துக்கும்தான். ரா ஃபைலில் இருக்கும் தகவலை அது தொடுவதே இல்லை. லைட்ரூம் என்ற படம் திருத்தும் மென்பொருளில் திறந்தால் கேனன் கேனனாகவும் சோனி சோனியாகவும்தான் நிற்கும். பதினைந்து வருடத் தொழிலில் இது எனக்குத் தெரியாதா? தெரியும். அந்த நேரத்தில் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த வாரம் ஒரு கோயில் கல்யாணம். அந்த ஆல்பத்தைப் புதிதாக "மேட்ச்" செய்த திரையில் உட்கார்ந்து திருத்தினேன். தாலி கட்டும் முன் கிரே கார்டு என்ற சாம்பல் அட்டையை மணப்பெண் கையில் கொடுத்து ஒரு படம் எடுத்து வைத்திருந்தேன். அதை வைத்து வெள்ளைச் சமநிலை போட்டால் லைட்ரூமின் Temp 5200-இல் வந்து நின்றது. திரையில் பெண்ணின் முகம் சாம்பல் பூசிய மாதிரி இருந்தது. சரி, கோயில் வெளிச்சம் அப்படி என்று நினைத்துக்கொண்டு மஞ்சள் பக்கம் 6100 வரை தள்ளினேன். முகம் நன்றாக மாநிறத்துக்கு வந்தது. வெளிச்சம் அதிகம்போலத் தெரிந்ததால் எக்ஸ்போஷரை 0.6 குறைத்தேன். மொத்த ஆல்பத்துக்கும் அதையே ஒட்டினேன்.

ஆல்பம் அச்சாகி வந்தது. பெண்ணின் அம்மா முதல் பக்கத்தைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். "தம்பி, எம் பொண்ணுக்கு மஞ்சக்காமாலையா?"

பொய் சொல்லக்கூடாது, அப்படித்தான் இருந்தது. பட்டுச்சேலையின் அரக்கு செங்கல் நிறமாகி, நகையும் கழுத்தும் ஒரே நிறத்தில் கலந்து, மாப்பிள்ளை முகம் நிழலில் நிற்பவர் மாதிரி இருண்டு கிடந்தது. நான் முதலில் பழி போட்டது ஆல்பம் அச்சடித்த லேப் மேல்தான். லேப்காரர் வயதானவர், கோபப்படவில்லை. "போன வருஷம் நல்லா வந்துச்சுன்னு சொன்னீங்கல்ல, அதே ஃபைல் ஒண்ணை அனுப்புங்க, இப்ப அடிச்சுத் தர்றேன். ஆட்டோ கரெக்ஷன் எதுவும் போட மாட்டேன்" என்றார். அடித்துத் தந்தார். பழைய பிரதியையும் புதியதையும் ஜன்னலோரம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். வித்தியாசமே இல்லை. லேப் மாறவில்லை என்றால் மாறியது என் பக்கம்தான். நிறம் கெட்டால் யாரோடும் சண்டை போடும் முன் இந்த ஒரு சோதனையைச் செய்துவிடுங்கள். அதற்கு ஆகும் செலவு ஒரு பிரிண்ட்தான்.

வீட்டுக்கு வந்து அந்தக் கிரே கார்டு படத்தை மறுபடி திறந்தேன். லைட்ரூமில் சுட்டியைப் படத்தின் மேல் வைத்தால் ஹிஸ்டோகிராமுக்குக் கீழே மூன்று எண்கள் வரும். சாம்பல் என்றால் மூன்றும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். என் திருத்தத்தில் சிவப்பு 55, பச்சை 51, நீலம் 43. நீலம் அவ்வளவு குறைந்தால் மஞ்சள்தான் வரும், வேறென்ன வரும்? திரை என்ன பொய் சொன்னாலும் இந்த எண்கள் மாறாது, ஏனென்றால் அவை ஃபைலில் இருப்பவை. கார்டு சரியாகத்தான் 5200 சொன்னது. நான் கார்டை விட்டுவிட்டுக் கண்ணை நம்பினேன். கண் திரையை நம்பியது. திரை அவனை நம்பியது.

அப்புறம் திரைக்குள் அவன் என்னதான் வைத்துவிட்டுப் போனான் என்று தேடினேன். விண்டோஸ் வைத்திருப்பவர்கள் ஸ்டார்ட் மெனுவில் இதைத் தட்டினால் கலர் மேனேஜ்மென்ட் திறக்கும்:

```
colorcpl
```

அங்கே உங்கள் திரையைத் தேர்ந்தெடுத்தால் அதற்கு எந்தப் புரொஃபைல், அதாவது திரையின் நிறக்குணத்தைச் சொல்லும் எந்த ஃபைல், போட்டிருக்கிறது என்று காட்டும். அந்த ஃபைல் இருக்கும் இடம் இது:

```
C:\Windows\System32\spool\drivers\color
```

என் திரைக்குப் போட்டிருந்த ஃபைலின் பெயரில் 27 என்று இருந்தது. என் திரை 24. Date modified பார்த்தால் இரண்டு வருடத்துக்கு முந்திய தேதி. அன்றைக்கு அளந்து செய்ததாக இருந்தால் அன்றைய தேதியல்லவா இருக்க வேண்டும்? அவன் கொடுத்த தாளை எடுத்தேன். மேலே சின்ன எழுத்தில் திரையின் மாடல் எண். அதுவும் அந்த 27 அங்குலத் திரைதான். எவனுடைய மானிட்டருக்கோ ஒருமுறை ஒழுங்காகச் செய்த புரொஃபைலை எல்லார் கம்ப்யூட்டரிலும் காப்பி அடித்துக்கொண்டு திரிகிறான். கருவியைத் தொங்கவிட்டதெல்லாம் நமக்குக் காட்ட.

இது ஏன் சும்மா விடுவதைவிட மோசம் என்றால், புரொஃபைலுக்குள் அந்தத் திரையின் குறையை நிமிர்த்தும் ஒரு வளைவு இருக்கும். அது கிராபிக்ஸ் கார்டில் போய் உட்காரும். அந்த 27 அங்குலம் மஞ்சள் சாய்வாக இருந்திருக்க வேண்டும், அதனால் அந்த வளைவு சிவப்பையும் பச்சையையும் இறக்கி வைத்திருந்தது. ஏற்கெனவே நீலமாக இருந்த என் திரையில் அதையே போட்டால் இன்னும் நீலம்தான். இன்னொருவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நடந்த கதை.

கிள்ளானில் இருக்கும் நண்பரிடம் திரையின் நிறத்தை அளக்கும் கலரிமீட்டரை இரவல் வாங்கி, டிஸ்ப்ளேகேல் என்ற மென்பொருளைப் போட்டு நானே அளந்தேன். திரையை அரைமணி நேரம் ஓடவிட்டு அதன் பிறகுதான் தொட வேண்டும். வந்த எண்ணைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது: வெள்ளை 7900 கெல்வின், அதாவது நல்ல நீலம், பிரகாசம் சதுர மீட்டருக்கு 280 கேண்டெலா. அச்சுக்கு வேலை செய்பவர்கள் வழக்கமாக வைப்பது 6500 கெல்வினும் 80 முதல் 120 கேண்டெலா வரையும்தான். இப்போது புரிகிறதா, நான் ஏன் 6100 வரை தள்ளினேன், ஏன் 0.6 குறைத்தேன் என்று? திரை நீலம் காட்ட நான் மஞ்சள் சேர்த்தேன், திரை பளபளக்க நான் இருட்டினேன். காகிதத்துக்குப் பின்னால் விளக்கு கிடையாது.

பிரகாசத்தை மென்பொருள் குறைக்காது, மானிட்டர் பொத்தானில் நாம்தான் இறக்க வேண்டும். என் திரையில் 100-இலிருந்து 27-க்கு வந்தபோதுதான் 100 கேண்டெலா கிடைத்தது. அவன் என் மானிட்டர் பொத்தானைத் தொடவே இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஒரு விஷயம் கவனிக்கவும்: கருவிக்கு உங்கள் திரையின் பின்விளக்கு எந்த வகை என்று சொல்ல வேண்டும். சாதாரண வெள்ளை எல்.இ.டி.யும் அகலமான நிறவெளி உள்ள திரையும் ஒன்றல்ல. தப்பாகச் சொன்னால் அளவு தப்பும், ஆனால் அதே கருவி தன்னைத்தானே சோதித்து 0.7 என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும்.

கேமராக்களுக்கு 24 கட்டம் உள்ள கலர்செக்கர் அட்டைதான் வழி. அதில் முதல் கட்டமே கருந்தோல், இரண்டாவது வெளிர்தோல். காலை பத்து மணிக்கு வாசல் நிழலில் அட்டையை நிறுத்தி இரண்டு கேமராவிலும் ரா எடுத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் புரொஃபைல் செய்து லைட்ரூமில் போட்டேன். எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிறவெளியில் முதல் கட்டத்தின் எண்கள் 115, 82, 68. இரண்டு கேமராவும் அச்சு அசலாக அதில் வந்து நிற்கவில்லை, ஆனால் ஒன்றுக்கொன்று பக்கத்தில் வந்துவிட்டன. பகல் வெளிச்சத்தில் செய்த புரொஃபைல் மண்டபத்துச் சீரியல் பல்புக்கு உதவாது என்பதையும் பட்டுத்தான் கற்றேன்.

ஆல்பத்தை மறுபடி அடிக்க 900 வெள்ளிக்கு மேல் ஆனது. அந்த அம்மாவிடம் ஜன்னல் வெளிச்சத்தில்தான் கொடுத்தேன், அவர்கள் வீட்டு மஞ்சள் விளக்கை நம்பவில்லை. "இப்பத்தான் எங்க பொண்ணு" என்றார், பணமும் முழுதாகத் தந்தார்.

அவனுக்குப் போன் போட்டேன். "உங்க லேப் சரியில்லண்ணே" என்றான். பழைய ஃபைல், புதிய பிரிண்ட் கதையைச் சொன்னேன். லைன் கட். அதற்குப் பிறகு என் எண்ணை எடுப்பதில்லை.

போன வாரம் ரவாங்கில் ஸ்டூடியோ வைத்திருக்கும் தம்பி ஒருவன் அழைத்தான். சிவப்புப் பை ஆள் வந்தானாம், நல்ல ரிசல்டாம். "அந்தத் தாள்ல மேல சின்ன எழுத்துல என்ன மாடல் போட்டிருக்குன்னு படி" என்றேன். படித்தான். என் தாளில் இருந்த அதே 27 அங்குலத் திரை. கீழே அதே 0.7.